தரைத்தள ஸ்லைடிங் ஜன்னல்: வெளியிலிருந்து நெம்ப முடியாத, உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் இரண்டாவது பூட்டு

[காட்சி: தரைத்தளப் படுக்கையறை. 4 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்ட அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். கிரில் இல்லை. வெளியே இரண்டடி இடைவெளியில் சுற்றுச்சுவர்.]

இந்த ஜன்னலில் கண்ணாடி பொருத்திய ஷட்டர்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று உள் ட்ராக்கிலும் மற்றொன்று வெளி ட்ராக்கிலும் ஓடுகின்றன. தயாரிப்பாளர் கொடுத்த பூட்டு, ஷட்டரின் ஓரத்தில் உள்ள டச் லாக் மட்டுமே. அதன் கொக்கி சட்டத்துக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் நுழைகிறது என்பதால், தடித்த ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினியம் சற்று வளைந்து கொக்கி நழுவிவிடும். ஆனால் இதைவிடப் பெரிய பலவீனம் பூட்டில் இல்லை. மேல் ட்ராக்கில் இருக்கிறது.

[காட்சி: இரு கைகளால் ஷட்டரை மேல்நோக்கித் தூக்குதல்.]

ஷட்டரைச் சட்டத்துக்குள் பொருத்தும்போது, முதலில் மேல் ட்ராக்கில் செருகி, பிறகு கீழே ரோலர்களைத் தண்டவாளத்தின் மேல் இறக்குவார்கள். அதற்காகவே மேலே இடைவெளி விடப்படுகிறது. அதே இடைவெளியைப் பயன்படுத்தி, வெளியில் நிற்பவர் கீழ் விளிம்பை நெம்பித் தூக்கினால், டச் லாக் பூட்டியிருந்தாலும் ஷட்டரைத் தண்டவாளத்திலிருந்து இறக்கிவிட வாய்ப்பிருக்கிறது. உங்கள் ஜன்னலை இன்றே சோதிக்கலாம்: ஷட்டரை மூடிவிட்டு, உள்ளிருந்து நேராக மேலே தூக்கிப் பாருங்கள். கீழ் விளிம்பு தண்டவாளத்தின் உச்சியைத் தாண்டுகிறது என்றால், உங்கள் பூட்டு எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் பயன் குறைவு.

ஆகவே பூட்டு வாங்குவதற்கு முன் இந்த இடைவெளியை அடைக்க வேண்டும். தேய்ந்த அல்லது தாழ்ந்த ரோலர் ஷட்டரைக் கீழே இறக்கி மேல் இடைவெளியைக் கூட்டிவிடுகிறது என்பதால், முதலில் ரோலரைப் பாருங்கள். அதன் உயரத்தைச் சரிசெய்யும் ஸ்க்ரூ இருந்தால் ஷட்டரை நேராக நிறுத்துங்கள். அதன் பிறகு ஷட்டரை ஒதுக்கிவிட்டு, மூடிய நிலையில் அது நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, மேல் ட்ராக்கின் உட்புறத்தில் இரண்டு குட்டையான ஸ்க்ரூக்களைச் செலுத்துங்கள். ஷட்டரின் மேல் விளிம்புக்கும் ஸ்க்ரூவின் தலைக்கும் இடையே 2 மில்லிமீட்டர் அளவுக்குமேல் இடைவெளி இராதபடி தலைகளை இறக்கி வையுங்கள். வெளி ட்ராக்குக்கும் இதையே செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஷட்டரை முழுவதும் திறந்து நிறுத்தும் பகுதியில் ஸ்க்ரூ இல்லாததால், கழுவுவதற்கு அந்த நிலையிலிருந்து நாமே அதைக் கழற்றிக்கொள்ளலாம்.

[காட்சி: கீழ் ட்ராக்கில் கிடக்கும் மரக்கட்டை. பிறகு வெளி ஷட்டர் நகர்கிறது.]

இப்போது பூட்டுக்கு வருவோம். கீழ் ட்ராக்கில் ஒரு கட்டையையோ குழாயையோ படுக்க வைப்பது பலரும் அறிந்த வழி. ஒரு ஷட்டர் மட்டுமே ஓடி, மற்றொன்று அசையாமல் பொருத்தப்பட்ட ஜன்னலுக்கு அது சரிதான். நம் ஊரில் செய்யப்படும் ஜன்னல்களில் பெரும்பாலும் இரண்டு ஷட்டர்களுமே ஓடுகின்றன. உள் ட்ராக்கில் வைத்த கட்டை உள் ஷட்டரைத்தான் நிறுத்துகிறது. வெளி ஷட்டரோ தன் தடத்தில் தாராளமாக நகரும். ட்ராக்கில் கடித்துப் பிடிக்கும் திருகுப் பூட்டுகளுக்கும் இதே குறை உண்டு.

நான் பரிந்துரைப்பது எஃகு முளை. ஷட்டர்கள் மூடியிருக்கும்போது, நடுவில் அவற்றின் இரு நெடுஞ்சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இன்டர்லாக் என்று பட்டறையில் சொல்வது அந்த இடத்தைத்தான். அங்கே உள் ஷட்டரின் சட்டத்தை முழுவதும் ஊடுருவி, வெளி ஷட்டர் சட்டத்தின் உட்புறச் சுவரை மட்டும் துளைத்து, 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு முளையைச் செருகுகிறோம். இரண்டும் இணைந்துவிட்டால் இடப்பக்க ஷட்டரை இடப்பக்கச் சட்டமும் வலப்பக்க ஷட்டரை வலப்பக்கச் சட்டமும் தடுப்பதால், எதுவும் எந்தப் பக்கமும் நகராது. ஒரே முளை இரண்டு ஷட்டர்களையும் நிறுத்துகிறது என்பதே இதன் சிறப்பு. ஆயினும் தூக்குவதை அது கடினமாக்குமே தவிர முற்றிலும் தடுக்காது. மேலே சொன்ன ஸ்க்ரூக்கள் கட்டாயம் வேண்டும்.

[காட்சி: ட்ரில் செய்யும் இடத்தின் நெருக்கக் காட்சி.]

துளையிடும்போது கண்ணாடியின் விளிம்பு சட்டத்துக்குள் எவ்வளவு தூரம் புதைந்திருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அது டஃபன் கண்ணாடியாக இருந்து ட்ரில் முனை அதன் விளிம்பைத் தொட்டால், முழுக் கண்ணாடியும் நொறுங்கும். துளை 6.5 மில்லிமீட்டர் இருக்கட்டும். உள்ளிருந்து வெளிநோக்கிச் சற்றுக் கீழ்ச்சாய்வாக இருந்தால், ஜன்னல் அதிரும்போது முளை தானே வெளியே வராது. வெளிச் சுவரைத் துளைத்துவிட்டால் மழைநீர் உள்ளே வருவதோடு, வெளியிலிருந்து ஒரு கம்பியால் முளையைத் தள்ளவும் வழி கிடைத்துவிடும்.

இந்த முளைக்குச் சாவி இல்லை என்பது தற்செயலானதல்ல. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள், படுக்கையறையின் அவசர வெளியேற்ற வழி சாவியோ கருவியோ தனி அறிவோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும் என்கின்றன. புகை நிறைந்த அறையில் சாவியைத் தேடுவது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே காரணம் விளங்கும். சாவிப் பூட்டு போட்டு, சாவியை அருகில் ஆணியில் மாட்டுகிறோம் என்பவர்களிடம் நான் சொல்வது: அந்தச் சாவி ஒருநாள் அங்கே இராது.

அந்த விதிகள் தரைத்தளத்துக்குக் கேட்கும் திறப்பு, குறைந்தது 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம், 5 சதுர அடிப் பரப்பு. ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஜன்னலை அளந்தபோது, முழுவதும் திறந்த நிலையில் 21 அங்குல அகலமும் 44 அங்குல உயரமும் கிடைத்தன; ஏறத்தாழ 6.4 சதுர அடி. அடிமட்டம் 36 அங்குலம். ஆகவே ஒருவர் வெளியேற இது போதும். ஆனால் கொசுவலை ஷட்டர் குறுக்கே நின்றால் அதையும் நகர்த்தியாக வேண்டும்; மெத்தையோ அலமாரியோ ஜன்னலை மறைக்கக் கூடாது. நிலையான கிரில் உள்ள ஜன்னலானால், அதில் உள்ளிருந்து திறக்கும் ஒரு பகுதியை அமைக்கும்வரை, எந்தப் பூட்டைப் போட்டாலும் அது வெளியேறும் வழியாகாது.

முளையை வைக்கும் உயரமும் முக்கியம். புகை மேலே தேங்குவதால், குனிந்து வருபவரின் கைக்கு எட்டும்படி, அடிச்சட்டத்திலிருந்து ஒரு சாண் மேலே வைத்தேன். டச் லாக்கை எட்டுவதற்காகக் கண்ணாடியை உடைப்பவனுக்கு முளை சற்றுத் தள்ளி இருப்பதும் நல்லது. எனினும் உடைத்து, கையை விட்டுத் துழாவுபவனை இந்த முளை முழுவதும் தடுக்காது. அந்த அச்சம் இருந்தால் லேமினேட்டட் கண்ணாடிக்கு மாறுங்கள். அது விரிசல் விட்டாலும் நடுவிலுள்ள படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்வதால், கை நுழையும் ஓட்டை எளிதில் உண்டாகாது. அதேபோல், காற்றுக்காகச் சற்றுத் திறந்து வைத்து முளையைப் போடவும் இயலாது. உள் ஷட்டர் நகர்ந்ததும் அதன் துளைக்கு எதிரே வெளி ஷட்டரின் கண்ணாடிதான் வரும்.

[காட்சி: விளக்கு அணைந்த அறை. முளை ஒரு சிறு சங்கிலியால் ஷட்டருடன் கட்டப்பட்டிருக்கிறது.]

கடைசிச் சோதனை இருட்டில் நடக்க வேண்டும். அந்த அறையில் உறங்கும் ஒவ்வொருவரும், குழந்தையும் பாட்டியும் உட்பட, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கையால் முளையை உருவி, டச் லாக்கைத் திறந்து, ஷட்டரைக் கடைசிவரை தள்ளிப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் முதல்முறை பாட்டியால் முளையை உருவ முடியவில்லை. தலை சிறியதாக இருந்ததால் விரல் பிடிக்கவில்லை. விரல் நுழையும் வளையம் உள்ள முளையாக மாற்றிய பின் அவர் எளிதாகத் திறந்தார். ரோலரோ சட்டமோ சற்றுத் தாழ்ந்தாலும் துளைகள் விலகி முளை இறுகிக்கொள்ளும் என்பதால், மாதம் ஒருமுறை அதை உருவிப் பார்க்கிறோம். விரலால் இழுத்து வராத நாளில் முதலில் ரோலரைத்தான் திருப்புகிறோம்.