காதில் விழுவது பழைய சத்தம்

வணக்கம் நேயர்களே. கச்சேரி, கல்யாணம், அரங்கேற்றம் என்று வீடியோ எடுப்பதுதான் என் தொழில். எடுக்கும்போது காமிராவில் பதிவாகும் சத்தத்தை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மைக் வயர் கரகரத்தாலோ, மிக்ஸரிலிருந்து வரும் சத்தம் நின்றுபோனாலோ அந்தக் கணமே தெரிந்தாக வேண்டும். அந்த ஹெட்போன் வயர் இல்லாத புளூடூத் வகையாக இருந்தால் காது எப்படி ஏமாறுகிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். நான் ஏமாந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மார்கழி மாதம். ஒரு சபாவில் வாய்ப்பாட்டுக் கச்சேரி. நடுவழியில் ஸ்டாண்டு போட்டு காமிராவை வைத்திருந்தேன். வருகிறவர், போகிறவர் எல்லாம் என் ஹெட்போன் வயரில் தடுக்கிக்கொண்டார்கள். அதனால் சின்ன புளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்கி காமிராவின் ஹெட்போன் துளையில் செருகியிருந்தேன். மேடை சத்தம் மிக்ஸரிலிருந்து நேராக வயர் வழியாக காமிராவுக்குள் வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தனி ஆவர்த்தனம் தொடங்கியது. மிருதங்க வித்வானின் கை நெருக்கமாகத் தெரியும்படி ஜூம் செய்தேன். அப்போதுதான் கவனித்தேன். கை வலந்தலையில் விழுகிறது, சத்தம் வரவில்லை. கை மேலே எழும்பிய பிறகு வருகிறது. வேகமான நடையில் ஒரு நொடிக்கு எட்டு அடி விழுகிறது என்று வைத்துக்கொண்டால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 125 மில்லிநொடிதான். என் காதுக்கு வந்த சத்தமோ ஏறக்குறைய 200 மில்லிநொடி பழையது. ஒரு கையைப் பார்த்துக்கொண்டே அதற்கு முன்னால் விழுந்த வேறோர் அடியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மிக்ஸரில்தான் தாமதம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒலி அமைப்பாளரிடம் போய்க் கேட்டதற்கு, "அண்ணே, நம்ம பக்கம் டிலே எதுவும் போடலையே" என்றார். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் எடிட்டிங்கைத் திறந்தேன். அதே டிரான்ஸ்மிட்டரை லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் செருகி, அதே ஹெட்போனில் கேட்டேன். இங்கேயும் கை முன்னால், சத்தம் பின்னால். சரி, பதிவிலேயே தவறு இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. டைம்லைனில் சத்தத்தை மட்டும் ஐந்து ஃபிரேம் முன்னால் இழுத்தேன். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. ஐந்து ஃபிரேம் 200 மில்லிநொடி. ஹெட்போனில் கையும் சத்தமும் கச்சிதமாகச் சேர்ந்தன. மனநிறைவோடு அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வித்வான் கூப்பிட்டார். "தம்பி, நான் அடிக்கிறதுக்கு முன்னாடியே சத்தம் வருதே" என்றார். அவர் டிவியில் போட்டுப் பார்த்திருந்தார்.

பதிவில் எந்தத் தவறும் இல்லை. தாமதம் முழுக்க என் ஹெட்போனில்தான் இருந்தது. சபாவில் ஏமாற்றிய அதே கருவியையே வீட்டிலும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அது இரண்டு இடத்திலும் ஒரே பொய்யைச் சொன்னது. சரியாக இருந்த சத்தத்தை நான்தான் இடம் மாற்றினேன். அதுவும் மோசமான பக்கமாக மாற்றிவிட்டேன். தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்த்தால், துணி கல்லில் பட்ட பிறகுதான் சத்தம் வரும். ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. ஆகவே கொஞ்சம் பின்னால் வரும் சத்தம் நமக்குப் பழக்கம். செயலுக்கு முன்னால் வரும் சத்தம் இயற்கையில் கிடையாது, அதனால் சட்டென்று உறுத்தும். ஒளிபரப்புக்கான பன்னாட்டுப் பரிந்துரை ஒன்றில் இதற்குக் கணக்கே உண்டு. சத்தம் பின்தங்கினால் சுமார் 125 மில்லிநொடியில்தான் பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்கும். முந்தினால் 45 மில்லிநொடியிலேயே தெரிந்துவிடும். நான் முந்த வைத்தது 200.

ஏன் இந்தத் தாமதம்? டிரான்ஸ்மிட்டர் சத்தத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, சுருக்கி, பொட்டலம் கட்டி ரேடியோ அலையில் அனுப்புகிறது. வழியில் சில பொட்டலம் தொலைந்து மறுபடி அனுப்ப வேண்டி வரும். அதற்குள் இசை அறுந்துவிடக் கூடாதே என்று ஹெட்போன் கொஞ்சம் சத்தத்தைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் காதில் விடுகிறது. தாமதத்தில் பெரும்பங்கு இந்தக் கையிருப்புதான். சாதாரண புளூடூத் ஹெட்போன்களில் எல்லாம் சேர்த்து 150 முதல் 250 மில்லிநொடி வரை ஆவது வழக்கம்.

இங்கே பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதே ஹெட்போனில் போனில் சினிமா பார்க்கிறேன், உதடும் வசனமும் ஒட்டித்தானே இருக்கிறது?" நல்ல கேள்வி. போனில் ஓடுவது ஏற்கெனவே எடுத்து முடித்த படம். ஹெட்போனில் எவ்வளவு தாமதம் ஆகும் என்று போனுக்குத் தெரியும். படத்தையும் அதே அளவு நிறுத்திவைத்துக் காட்டுகிறது. மேடையில் இருக்கும் வித்வானை யாரால் நிறுத்திவைக்க முடியும்? அதோடு, துளையில் செருகிய டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருப்பதே காமிராவுக்குத் தெரியாது. அதனால் எடுத்து முடித்ததைக் காமிராவில் போட்டுப் பார்த்தாலும், அந்த ஹெட்போனில் கேட்டால் தாமதம் கூடவே வரும். சந்தேகம் வந்தால் டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கிவிட்டு காமிராவின் சொந்த ஸ்பீக்கரில் கேளுங்கள்.

இந்தத் தாமதம் ஏமாற்றும் இன்னொரு விதம் எதிரொலி. சின்ன அறையில் பேட்டி எடுக்கிறீர்கள். எதிரில் இருப்பவர் பேசுவது ஹெட்போன் விளிம்பு வழியாக உங்கள் காதில் நேராகவும் விழுகிறது. நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழித்து அதே சொல் ஹெட்போனிலும் வருகிறது. இரண்டும் சேர்ந்தால் கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கும். அறை எதிரொலிக்கிறது என்று நினைத்து ஜமுக்காளம் தொங்கவிட்டவர்களை எனக்குத் தெரியும். பதிவில் அந்த எதிரொலி இருக்காது. கண்டுபிடிப்பது சுலபம். ஹெட்போன் போட்டபடி பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்துங்கள். நேர்க்குரல் அடங்கியதும் எதிரொலி மறைந்தால் அது உங்கள் காதுக்குள் உண்டானது. மறையாவிட்டால் அறையில் இருப்பது.

அப்புறம், காமிரா முன்னால் தனியாக உட்கார்ந்து, தன் குரலைத் தானே புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பேசுகிறவர்கள். இவர்களுக்கு நேர்வது வேறு. தன் குரல் தாமதமாகத் தன் காதுக்கே திரும்பி வந்தால் நாக்கு தடுமாறும், சொற்கள் இழுபடும். பெர்னார்ட் லீ என்பவர் 1950-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தத் தடுமாற்றம் பலமாக இருப்பது ஏறக்குறைய 200 மில்லிநொடித் தாமதத்தில் என்பதுதான் கவனிக்க வேண்டியது. புளூடூத் தருவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பத்து முறை பேசியும் சரியாக வரவில்லை, தனக்கு மேடைக் கூச்சம் என்று ஒரு பெண் வருத்தப்பட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பேசச் சொன்னேன். அடுத்த முறையே முடித்துவிட்டார்.

உங்கள் ஹெட்போனில் எவ்வளவு தாமதம் என்று வீட்டிலேயே அளக்கலாம். வித்வானின் போன் வந்த அன்று மாலை நான் செய்தது இதுதான். காமிராவில் டிரான்ஸ்மிட்டரைச் செருகி, காமிரா மைக்கின் சத்தம் ஹெட்போனில் வரும்படி வைத்தேன். ஹெட்போனின் ஒரு காதுப்பகுதியை என் போனின் மைக்மேல் வைத்து, போனில் குரல் பதிவை ஓடவிட்டேன். காமிராவுக்கும் போனுக்கும் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கை தட்டினேன். போனில் இரண்டு தட்டல் பதிவாகும். ஒன்று நேராக வந்தது, இன்னொன்று காமிரா, டிரான்ஸ்மிட்டர், ஹெட்போன் என்று சுற்றி வந்தது. அந்தப் பதிவை எடிட்டிங்கில் போட்டால் அலை வடிவத்தில் இரண்டு முள் தெரியும். முதல் முள் 2.00 நொடியில் இருந்தது, இரண்டாவது 2.21 நொடியில். ஆகத் தாமதம் 210 மில்லிநொடி, ஐந்து ஃபிரேமுக்குக் கொஞ்சம் மேலே. நான் எடிட்டிங்கில் இழுத்ததும் ஐந்து ஃபிரேம்தானே! அந்த இரண்டு முள்ளையும் பார்த்தபோதுதான் ஒலி அமைப்பாளரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டேன்.

இதே சோதனையை வயர் ஹெட்போனிலும் செய்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டு முள்ளும் ஒன்றாகவே தெரியும். சில காமிராக்கள் திரையில் தெரியும் படத்தோடு சேரட்டும் என்று ஹெட்போன் சத்தத்தைத் தாங்களே கொஞ்சம் பிந்தவைக்கும். சோனி காமிராக்கள் சிலவற்றில் இதற்கு Audio Out Timing என்ற அமைப்பு இருக்கிறது. மேடையை நேரில் பார்த்துக்கொண்டே கேட்பவர் அதை Live என்று வைக்க வேண்டும். Lip Sync என்பது காமிராத் திரையை மட்டும் பார்த்து எடுப்பவருக்கு.

வயரே வேண்டாம் என்றால், நேரடிக் கண்காணிப்புக்கென்றே செய்த 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் சில மில்லிநொடித் தாமதத்தோடு கிடைக்கின்றன. புளூடூத்திலேயே குறைந்த தாமத வகையில் 40 மில்லிநொடி அளவுக்கு வருவதும் உண்டு. ஆனால் அனுப்பும் கருவி, ஹெட்போன் இரண்டுமே அந்த முறையை ஆதரிக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் பழைய முறைக்கே போய்விடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. எதை வாங்கினாலும் அந்தக் கைதட்டலை ஒருமுறை செய்து பாருங்கள்.

நான் வயருக்கே திரும்பிவிட்டேன். நாற்காலிக் கால்களை ஒட்டி டேப் போட்டு வயரைக் கொண்டுபோகிறேன், யாரும் தடுக்கிக்கொள்வதில்லை. கச்சேரி தொடங்கும் முன் மைக்குகளைச் சரிபார்க்கும்போது, மேடையில் இருப்பவர் ஒருவரை மைக் முன்னால் கை தட்டச் சொல்லி அதையும் பதிவு செய்துகொள்கிறேன். எடிட்டிங்கில் சந்தேகம் வந்தால் முதலில் அந்தத் தட்டலுக்குப் போய், கைகள் சேரும் ஃபிரேமில் முள் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். வணக்கம்.