வீடு எப்படி ‘வீட்டில்’ ஆகிறது? சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு பாடம்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிவது நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயம். மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரையின் சத்தம் பதிவில் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெல்பர்னில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் என் தங்கை, சென்ற வாரம் ஒரு மாணவியின் தாளைப் படமெடுத்து அனுப்பினாள். “பாட்டி வீடுக்கு போனோம். மரம்இல் குருவி இருந்தது. ஆறுஇல் குளித்தேன்” என்று அந்த ஒன்பது வயதுப் பிள்ளை எழுதியிருந்தாள். அதே பிள்ளை வகுப்பு முடிந்ததும் தன் அம்மாவிடம் “வீட்டுக்குப் போலாம்மா” என்றுதான் சொல்கிறாளாம். வாய்க்குத் தெரிந்தது கைக்கு ஏன் வரவில்லை?

காரணம் நான் எழுதிக் கொடுத்த பாடத்திட்டம்தான். எட்டு வேற்றுமைகளையும் அட்டவணையாகப் போட்டு, ஐ, ஆல், கு என்று உருபுகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். இங்கே தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் நாள்தோறும் தமிழ் கேட்கும் பிள்ளைக்கு அது ஓரளவு பொருந்தும். வாரத்துக்கு ஒரு காலைப்பொழுது மட்டுமே வரும் பிள்ளையோ அதைக் கூட்டல் கணக்காக எடுத்துக்கொள்கிறாள்: மரம், அதனோடு இல். உருபு சேருமுன் சொல்லே உருமாறும் என்பதை அந்த அட்டவணை அவளுக்குக் காட்டவில்லை. ஆகவே அதை எடுத்துவிட்டு, அந்த மாற்றத்தை மட்டும் நாற்பது நிமிடப் பாடமாக்கியிருக்கிறேன்.

முதல் பத்து நிமிடம் எழுத்து வேலையே கிடையாது. ஒரு மரத்தின் படத்தில் காகிதக் குருவியை ஒட்டி, “குருவி எங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள். “மரத்துல” என்று பிள்ளைகள் சொல்வார்கள். குருவியை வீட்டின் மேலும் ஆற்றின் மேலும் நகர்த்துங்கள். “வீட்டுல”, “ஆத்துல” என்று வரும். அவர்கள் சொன்னதைப் பலகையில் மரத்தில், வீட்டில், ஆற்றில் என்று எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் மூலச்சொல்லை எழுதுங்கள். எது மாறியிருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். ‘ஆத்துல’ என்பதில் மட்டும் சற்று நில்லுங்கள். பேச்சில் ‘த்து’ என்று கேட்பது இங்கே எழுத்தில் ‘ற்று’ ஆகும் என்று சொல்லாவிட்டால், பிள்ளை ‘ஆத்தில்’ என்றே எழுதும்.

பிறகு பன்னிரண்டு அட்டைகளைக் கொடுத்து மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மரம், படம், பழம், தோட்டம் ஆகியவை ‘த்து’ பெறும். நாம் அத்துச் சாரியை என்று படித்தது இதுதான். வீடு, மாடு, ஆறு, கயிறு ஆகியவற்றில் ட், ற் இரட்டிக்கும். பந்து, பாட்டு, நண்டு, கன்று ஆகியவற்றில் அப்படி எதுவும் நேராது. கடைசி இரண்டையும் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். நண்டு ‘டு’வில் முடிந்தாலும் ‘நண்ட்டை’ ஆவதில்லை. நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில்தான் ட, ற ஒற்று இரட்டும் என்கிறது நன்னூல். ஒன்பது வயதுக்கு அதை இப்படிச் சொல்லலாம்: டு, று என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா என்று பார், புள்ளி இருந்தால் சொல் மாறாது. பசு, தெரு போன்றவற்றை அன்று தொடாதீர்கள்; பசுவை, தெருவை என்று அவை வேறு வழியில் போகும்.

பாடம் வழுக்குமிடம் ஒன்று உண்டு. “ம் என்று முடிந்தால் த்து வரும்” என்று நீங்கள் சொல்லிவிட்டால், ஏதாவது ஒரு பிள்ளை ‘ஐஸ்கிரீத்தை’ என்று எழுதியே தீரும். எழுதினால் திட்டாதீர்கள், நீங்கள் சொன்ன விதியைத்தான் அது பின்பற்றியிருக்கிறது. விதி ம் அன்று, அம். அதனால்தான் ஸ்டேடியத்தில் என்கிறோம், ரூமில் என்கிறோம். அதேபோல ஆறு என்பது எண்ணானால் இரட்டிக்க வேண்டாம். “ஆறிலும் சாவு, நூறிலும் சாவு” என்று பாட்டி சொல்லும்போது அது வயதைக் குறிக்கிறது. ஆற்றிலும் என்றால் தண்ணீருக்குள் போய்விடும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

கடைசி ஐந்து நிமிடம் சோதனை. தெரிந்த சொற்களைக் கேட்டால் மனப்பாடமா, புரிதலா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே இல்லாத ஒரு விலங்கை வரைந்து அதற்கு ‘லூடம்’ என்று பெயர் வையுங்கள். இன்னொன்றுக்கு ‘மேபாடு’ என்று வையுங்கள். “நான் எதைப் பார்த்தேன்?” என்று கேட்டு, விடையை எழுதச் சொல்லுங்கள். லூடத்தை, மேபாட்டை என்று வந்தால் அடுத்த சனிக்கிழமை நான்காம் வேற்றுமைக்குப் போகலாம். ‘லூடம்ஐ’ என்று வந்தால் அட்டைகளை உள்ளே வைத்துவிட்டு, குருவிப் படத்தை மறுபடி வெளியே எடுங்கள்.