ஃபோனில் தொட்டால் டெலஸ்கோப் திரும்ப வேண்டும்: ஏஇசட்-ஜிடிஐ வைஃபை இணைப்பு

வணக்கம். கொடைக்கானலில், தங்கியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறேன். மார்ச் மாத நடு, இரவு எட்டு மணி. முன்னால் இருப்பது டெலஸ்கோப்பை மோட்டாரால் திருப்பும் தாங்கியான ஸ்கைவாட்சர் ஏஇசட்-ஜிடிஐ மவுண்ட், அதன் மேல் 130 மி.மீ. டெலஸ்கோப். இதை ஃபோனோடு எப்படி இணைப்பது என்று கமெண்ட்டில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். செய்து காட்டுகிறேன். நேற்று இரவு நான் மாட்டிக்கொண்ட ஒரு தவறையும் சொல்கிறேன்.

மவுண்டை ஆன் செய்ததும் அதுவே ஒரு வைஃபையைக் கிளப்பும். ஃபோனின் வைஃபை பட்டியலில் SynScan_ என்று தொடங்கும் பெயர் தெரியும், அதைத் தொடுங்கள். புதிய மவுண்டில் பாஸ்வேர்டு இருக்காது. இதோ பாருங்கள், "இதில் இன்டர்நெட் இல்லை, தொடரலாமா?" என்று ஃபோன் கேட்கிறது. தொடரலாம் என்றே சொல்லுங்கள். இங்கே கவனிக்காவிட்டால் ஃபோன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், மவுண்ட் கைவிட்டுப் போகும். அதனால் நான் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுகிறேன்.

அப்புறம் சின்ஸ்கேன் ஆப்பைத் திறந்து கனெக்ட் கொடுங்கள். மவுண்டோடு பேசுவது இந்த ஆப் மட்டும்தான். ஸ்கைசஃபாரி என்ற வான வரைபட ஆப்பில் வானத்தைப் பார்த்துத் தொட விரும்பினால், அது சின்ஸ்கேன் ஆப்பிடம் சொல்லும், சின்ஸ்கேன் மவுண்டிடம் சொல்லும். ஸ்கைசஃபாரியில் ப்ளஸ் அல்லது ப்ரோ பதிப்பு வேண்டும். டெலஸ்கோப் அமைப்பில் மவுண்ட் வகையாக ஸ்கைவாட்சர் சின்ஸ்கேனைத் தேர்ந்து, முகவரியை இப்படிக் கொடுங்கள்:

```
127.0.0.1
11882
```

முதல் வரி "இதே ஃபோன்" என்று அர்த்தம், இரண்டாவது போர்ட் எண். பலர் இங்கே மவுண்டின் முகவரியான 192.168.4.1-ஐப் போட்டுவிட்டு, ஏன் இணையவில்லை என்று தேடுகிறார்கள். ஸ்கைசஃபாரி போய்ச் சேர வேண்டிய இடம் மவுண்ட் இல்லை, பக்கத்து ஆப். இன்னொன்று, ஆண்ட்ராய்டில் சின்ஸ்கேன் ஆப்புக்கு பேட்டரி சேமிப்பை நிறுத்தி வையுங்கள். பின்னால் ஓடும் ஆப்பை ஃபோன் மூடிவிட்டால் ஸ்கைசஃபாரியில் டெலஸ்கோப் பார்க்கும் இடத்தைக் காட்டும் குறி அப்படியே உறைந்து நிற்கும். அதுதான் அடையாளம்.

சரி, இணைந்துவிட்டது. ஆனால் இணைந்தால் மட்டும் சரியான இடத்துக்குத் திரும்பிவிடாது. நேற்று நடந்தது அதுதான்.

ட்ரைபாடை மட்டம் பார்த்து, குழாயை வடக்கே கிடையாக வைத்தேன். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். மரம் மறைத்ததால் காம்பஸை வைத்துத்தான் வடக்கு பார்த்தேன். அலைன்மென்ட்டுக்கு, அதாவது டெலஸ்கோப் எங்கே பார்க்கிறது என்று ஆப்புக்குக் காட்டிக்கொடுக்க, ரோகிணியை முதல் நட்சத்திரமாக எடுத்தேன். கொஞ்சம் தள்ளி நின்றது, அம்புக்குறியால் நடுவில் கொண்டு வந்தேன். அங்கிருந்து கார்த்திகைக் கூட்டத்துக்குப் போகச் சொன்னேன், ஓரமாகவாவது வந்தது. மனசு நிறைந்துபோய் கிழக்கே மகம் நட்சத்திரத்தைத் தொட்டேன். கண்வில்லையில் வெறும் இருட்டு.

மேற்கில் சரி, கிழக்கில் தப்பு. இதைப் பார்த்ததும் மோட்டாரையோ வைஃபையையோ சந்தேகப்பட வேண்டாம். ஃபோன் உங்களை வேறு ஊரில் நிற்பதாக நினைக்கிறது. ஆப்புக்கு லொகேஷன் அனுமதி இல்லாமல், முன்பு கையால் தட்டிய சென்னை இடமே அதில் கிடந்தது. சென்னை 13.1 வடக்கு, 80.3 கிழக்கு. இங்கே 10.2, 77.5. இரண்டிலும் கிட்டத்தட்ட 3 டிகிரி வித்தியாசம். சென்னைக்கு மேற்கே நாம் நிற்பதால் கிழக்கு நட்சத்திரங்கள் ஆப்பின் கணக்கை விடத் தாழ்ந்தும், மேற்கு நட்சத்திரங்கள் உயர்ந்தும் இருக்கும். ரோகிணியில் செய்த திருத்தம் மேற்கின் பிழையை மூடியது, கிழக்கில் அதே திருத்தம் பிழையை இரட்டிப்பாக்கியது. 5 டிகிரிக்கு மேல் விலகல், என் 25 மி.மீ. கண்வில்லையில் தெரிவதோ 2 டிகிரிகூட இல்லை.

அதனால் இன்று கனெக்ட் கொடுக்கும் முன்பே லொகேஷனைப் பார்த்தேன். மொபைல் டேட்டா அணைந்திருந்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், இடம் பிடிக்கத்தான் நேரமாகும். எண் மாறி 10.2 என்று வந்த பிறகே அலைன்மென்ட்டைத் தொடங்கினேன். ஒரு நட்சத்திரத்தோடு நிறுத்தாமல் மேற்கே ரோகிணி, கிழக்கே மகம் என்று இரண்டு எடுத்தேன். நடுவில் கொண்டு வரும்போது கடைசி அழுத்தம் எப்போதும் மேல், வலது அம்புகளாகவே இருக்கட்டும், அப்போதுதான் பல்சக்கரத்தின் தளர்வு கணக்கைக் கெடுக்காது.

பழைய மவுண்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்.சி.-05 மாதிரி ப்ளூடூத் துண்டைக் கைக் கன்ட்ரோலரில் மாட்டுவது ஆண்ட்ராய்டுக்குத்தான். ஐஃபோன் ஆப்கள் அந்த வகை ப்ளூடூத்தோடு பேசாது, வைஃபை அடாப்டர் வாங்குங்கள்.

இப்போது பூசத்தில் இருக்கும் நட்சத்திரக் கூட்டத்தைத் தொடுகிறேன். மோட்டார் சத்தம் கேட்கிறதா? நின்றுவிட்டது... வந்துவிட்டது, கொத்தாக, நடுவில்.