பதிவைக் கேட்டு எழுதிய பயிற்சிப் பட்டியல்: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

கேள்வி: “மேடம், கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாவது வாரம். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் சொன்னதை அவரிடம் கேட்டுக்கொண்டே செல்போனில் பதிவு செய்தேன். அதைக் கேட்டு எழுதிய லிஸ்ட்டையும் அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பத்து என்றே வருகிறது. சரிதானா?”

வணக்கம். இந்தக் கேள்வி வந்ததிலிருந்து வேறு கேள்விகளுக்கு என்னால் போக முடியவில்லை. பதிவை ஓடவிட்டு, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். பட்டியலில் ஐந்து பயிற்சிகள் இருக்கின்றன, ஐந்துக்கும் எதிரே 10 என்று எழுதப்பட்டிருக்கிறது. பதிவிலும் அந்தப் பத்து கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ஓரிடத்தில் அது பத்து முறை, இன்னோரிடத்தில் பத்து நிமிடம், மற்றோரிடத்தில் அப்போதைக்குச் செய்து காட்டச் சொன்ன பத்து. நம் காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது நினைவிருக்கும்: எண்ணை எழுதினால் அது எதன் எண் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். எத்தனை விநாடி பிடிப்பது, எத்தனை முறை செய்வது, நாளுக்கு எத்தனை வேளை, எந்தக் கால் என்ற நான்கும் இல்லாமல் ஒரு வரி முழுமையாகாது.

முதலில் தொடைத் தசையை இறுக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். பதிவில் அவர், “முட்டியைப் படுக்கையில் அழுத்துங்க, அஞ்சு எண்ற வரைக்கும் விடாதீங்க, இது மாதிரி பத்து தடவை, மூணு வேளை” என்கிறார். ஆகவே பட்டியலில் வர வேண்டிய வரி: வலது கால், 5 விநாடி பிடித்து விடுதல், 10 முறை, நாளுக்கு 3 வேளை. வெறும் 10 என்று எழுதினால் அம்மா என்ன செய்வார்? அழுத்தி உடனே விட்டு, பத்து முறை அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். பிடித்து நிறுத்தும் அந்த ஐந்து விநாடியில்தான் தசைக்கு வேலை இருக்கிறது. பதிவை இன்னொரு முறை கேட்டால், அம்மா “ஒண்ணு ரெண்டு மூணு” என்று வேகமாக எண்ண, அவர் இடைமறித்துச் சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்க்கச் சொல்வதும் கேட்கும். வாய்விட்டு எண்ணச் சொன்னதற்கும் காரணம் உண்டு: மனத்துக்குள் எண்ணுபவர்கள் தம்மையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். இந்த இரண்டையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.

முழங்காலை மடக்கும் பயிற்சியும் இதே கணக்குதான்: குதிகாலைப் படுக்கையோடு இழுத்து, முடிந்த அளவு மடக்கி, 5 விநாடி நிறுத்தி நீட்டுதல், 10 முறை, 3 வேளை. கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதற்கு மட்டும் கணக்கு வேறு. அவர் எதிரில் அம்மா பத்து முறை செய்தார், அது சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பதற்காக. பிறகு அவர் தெளிவாகவே, “வீட்ல இருபது, முழிச்சிருக்கும்போது மணிக்கு ஒரு தடவை” என்கிறார். செய்து காட்டச் சொன்ன எண் ஒன்று, வீட்டுக்குக் கொடுத்த எண் ஒன்று. பட்டியலுக்கு வர வேண்டியது வீட்டுக்குக் கொடுத்த எண்.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே கவலை தந்த வரி. ‘முட்டிக்குக் கீழே டவல், 10’ என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவில் இருப்பது குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு, 10 நிமிடம், 3 வேளை. குதிகால் மட்டும் துண்டின் மேல் இருக்க, முழங்கால் அந்தரத்தில் நின்று தன் பாரத்தாலேயே மெல்ல நேராகும், அதற்காகத்தான் அந்தப் பயிற்சி. துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்தால் மூட்டு மடங்கிய நிலையிலேயே ஓய்வெடுக்கும். இதமாக இருக்கும் என்பதால் வீட்டில் எல்லோரும் தலையணையும் அங்கேதான் வைப்பார்கள். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் காலை முழுதாக நீட்ட முடியாமல் போய், நடக்கும்போது கால் தாங்கித் தாங்கி வரும்.

ஐந்தாவது, காலை நேராகத் தூக்குதல். இது பட்டியலில் இருக்கவே கூடாது. அம்மா தூக்கும்போது முழங்கால் லேசாக மடங்குகிறது என்று அவர் கவனித்து, “இது இப்போ வேணாம், அடுத்த முறை வரும்போது பார்த்துட்டு சொல்றேன்” என்கிறார். தொடைத் தசை இன்னும் மூட்டை நேராகத் தாங்கும் வலுவுக்கு வரவில்லை என்று அதற்குப் பொருள். பயிற்சியைச் செய்து பார்த்த ஓசை பதிவில் முன்னால் வருகிறது, வேண்டாம் என்ற வார்த்தை சற்றுப் பின்னால் வருகிறது. கேட்டவுடனே எழுதினால் முன்னது மட்டும் நின்றுவிடும். அதனால்தான் பதிவைக் கடைசிவரை ஒரு முறை கேட்டுவிட்டுப் பிறகு எழுதுங்கள் என்று சொல்லிவருகிறேன்.

எண்களைப் பற்றிக் கேட்டீர்கள். எச்சரிக்கைகளைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது. உங்கள் பட்டியலின் அடியில் ‘கால் வலித்தால் டாக்டரிடம் கேட்கவும்’ என்று ஒரே வரி இருக்கிறது. அவர் சொன்னது ஒன்றல்ல, மூன்று. பயிற்சியின்போது முன்தொடையில் இழுப்பும், முழங்காலைச் சுற்றி வீக்கமும் கொஞ்சம் சூடும் இருக்கும், இவை இந்த வாரங்களில் எதிர்பார்க்கக் கூடியவை, பயிற்சியைத் தொடரலாம் என்பது ஒன்று. கெண்டைக்கால் புதிதாக வீங்கி, அழுத்தினால் வலித்து, சூடாகவோ சிவந்தோ இருந்தால் பயிற்சியை நிறுத்த வேண்டும், தேய்க்கவோ நீவவோ கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது இரண்டாவது. திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் யாருக்கும் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பது மூன்றாவது.

கெண்டைக்காலைத் தனியே சொன்னதன் காரணம், ஆபரேஷனுக்குப் பிறகு அங்குள்ள ஆழ்நாளத்தில் இரத்தம் உறையக்கூடும் என்பதும், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்பதும்தான். நம் பகுதியில் கால் வீங்கினால் பக்கத்து வீட்டு அம்மாள் தைலத்தோடு வந்து நீவிவிட உட்கார்ந்துவிடுவார். அன்பாகத்தான் வருகிறார், ஆனால் அந்த இடத்தில் நீவக் கூடாது. ஆகவே ‘கால் வலி’ என்று சுருக்காமல், எந்த இடம், எப்படி இருந்தால், என்ன செய்வது என்று அவர் சொன்னபடியே மூன்று தனி வரிகளாக எழுதி, பயிற்சி வரிகளுக்கு மேலே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. காய்ச்சலைப் பற்றி அவர் பேசும்போது கூட்ஸ் ரயில் போகிறது. “காய்ச்சல்” கேட்கிறது, “மேல இருந்தா” கேட்கிறது, நடுவில் சொன்ன எண் கேட்கவில்லை. நீங்கள் அங்கே 102 என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவில் அந்த எண் இல்லை. அதை அடித்துவிட்டு இடத்தைக் காலியாக விடுங்கள். நானும் ஓர் எண் சொல்ல மாட்டேன், ஏனென்றால் உங்கள் அம்மாவின் காயத்தைப் பார்த்தவர் அவர். இன்றே அவருக்குப் போன் செய்து கேட்டு, தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். ரயில் போன பிறகு அவர் சொன்னது தெளிவாகவே இருக்கிறது: காயத்தில் நீரோ சீழோ கசிந்தால் காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றே காட்ட வேண்டும்.