வழி கேட்கவிடாமல் தடுப்பது கூச்சமே

நடுவர் கேட்டது: "வழி தெரியாமல் சுற்றுகிறவர் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்காதது கௌரவத்தாலா, கூச்சத்தாலா?"

நடுவர் அவர்களே, கூச்சத்தால்தான்!

என் சித்தப்பா போன மே மாதம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனார். தெற்குக் கோபுர வாசலில் செருப்பையும் செல்போனையும் கொடுத்துவிட்டு உள்ளே போனவர், கூட்டத்தோடு நகர்ந்து மேற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்துவிட்டார். எந்தப் பக்கம் பார்த்தாலும் கோபுரம், சித்திரை வீதி. புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்? இடது பக்கம் திரும்பியிருந்தால் கால் சுற்றில் செருப்பு கிடைத்திருக்கும். அவர் வலது பக்கம் திரும்பினார். மதிலின் ஒரு பக்கமே ஏறத்தாழ 250 மீட்டர். உச்சி வெயிலில், சுடுகிற கல் தரையில், வெறுங்காலோடு வடக்கு வாசலைத் தாண்டி, கிழக்கு வாசலையும் தாண்டி நடந்திருக்கிறார். வழியெல்லாம் கடைகள். ஒருவரிடமும் கேட்கவில்லை.

எதிரணித் தலைவர், கேட்டால் ஆம்பளைக்குக் கௌரவம் குறைந்துவிடும் என்றார். பாதி சரி. மனைவி, மக்களோடு போகும்போது அந்த வீம்பு வரும். சித்தப்பா தனியாகப் போனவர். அங்கே அவரை யாருக்குத் தெரியும்? அடுத்துப் பேசிய தங்கை, மேப் இருக்கும்போது கேட்பதே எதற்கு என்றார். அம்மா, 2018 முதல் அந்தக் கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. போனும் செருப்போடுதான் கிடந்தது.

"ஏன் சித்தப்பா கேட்கலை?" என்றேன். "அவங்கவங்க வியாபாரத்துல இருக்காங்க. என் செருப்புக்காக எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்றார்.

இந்தக் கணக்குதான் தப்பு. 2008இல் ஃபிளின், லேக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். முன்பின் தெரியாதவரிடம், உடற்பயிற்சிக்கூடம் வரை கூட வந்து வழிகாட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒருவர் சம்மதிக்க 7 பேரையாவது கேட்க வேண்டியிருக்கும் என்று மாணவர்கள் நினைத்தார்கள். சராசரியாக 2, 3 பேரைக் கேட்டதுமே ஒருவர் கூட வந்துவிட்டார். கேட்கிறவர் எதிராளிக்கு ஆகும் சிரமத்தை மட்டும் பார்க்கிறார். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது அந்த எதிராளிக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

சரி, முடியாது என்று சொல்லத் தயங்கி, தெரியாதவரும் கைகாட்டிவிடுகிறாரே? நடக்கிறதுதான். அப்படி அலைந்த ஒருவர் மறுபடி கேட்கத் தயங்கினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் பார்ப்பது ஒன்றுதான்: பதிலில் ஒரு கடையோ மூலையோ அடையாளமாக வந்தால் நம்புவேன். "அந்தப் பக்கம்தான்னு நினைக்கிறேன்" என்றால் இன்னொருவரையும் கேட்பேன்.

அப்புறம், சித்தப்பாவுக்குச் செருப்பு எப்படிக் கிடைத்தது தெரியுமா? கீழச் சித்திரை வீதி நிழலில் கால் மாற்றி மாற்றி நின்றவரை, பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காதான் கூப்பிட்டார்.

"அய்யா, செருப்பை எந்தக் கோபுரத்துல விட்டீங்க?"

"டோக்கன்ல தெற்குன்னு போட்டிருக்கும்மா."

"இந்த மூலையில வலது பக்கம் திரும்புங்க, வந்துடும். தினம் யாராவது இப்படி வெறுங்காலோட சுத்துறாங்க. கேட்டா சொல்லமாட்டோமா?"