இரண்டு கட்டம், ஒரே நகர்த்தல்

எல்லோருக்கும் வணக்கம். அமேசான் என்றதும் பார்சல் கம்பெனியை நினைத்து வந்தவர்கள் யாராவது இருந்தால் மன்னிக்கவும். கிரேக்கக் கதைகளில் வருகிற வில்லேந்திய பெண்களின் பெயரை வைத்த ஒரு பலகை விளையாட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. அதிலும் அதன் கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று இருக்கிறேன். ஏனென்றால் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துத் தேநீரை எடுத்துக் குடிக்க ஆரம்பித்த ஒரு ஆட்டத்தில் நான் தோற்றிருக்கிறேன். எப்படித் தோற்றேன் என்பது அன்று ராத்திரி படுக்கையில்தான் புரிந்தது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். அர்ஜென்டினாக்காரர் வால்டர் சாம்காவுஸ்காஸ் 1988ல் உருவாக்கினார். அந்த நாட்டின் புதிர் இதழ் ஒன்றில் 1992ல் அச்சாகி, 1994ல் ஆங்கிலத்துக்கு வந்தது. பலகையில் பத்துக்குப் பத்து, நூறு கட்டம். கட்டத்தின் பெயரில் எழுத்து இடமிருந்து வலமாக ஏ முதல் ஜே வரை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 10 வரை. ஆளுக்கு நான்கு காய். வெள்ளை தன் பக்கம் ஏ4, டி1, ஜி1, ஜே4 ஆகிய கட்டங்களில் நிற்கும். கருப்பு நேர் எதிரே ஏ7, டி10, ஜி10, ஜே7ல் நிற்கும். வெள்ளைதான் முதலில் ஆட வேண்டும்.

ஒவ்வொரு முறையிலும் இரண்டு வேலை. ஒரு காயை செஸ் ராணி போல நேராகவோ மூலைவாக்கில் குறுக்காகவோ எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நகர்த்தலாம். அப்புறம், போய் நின்ற இடத்திலிருந்து அதே காய் ஒரு அம்பு விட வேண்டும். அம்பும் ராணி போலவே போய் ஒரு காலிக் கட்டத்தில் விழும். விழுந்த கட்டம் ஆட்டம் முடியும்வரை அடைபட்டது அடைபட்டதுதான். காயும் சரி, அம்பும் சரி, இன்னொரு காயையோ அம்பையோ தாண்டிப் போக முடியாது. வெட்டு கிடையாது. அம்பு விடாமல் இருக்கவும் முடியாது. தன் முறை வந்தும் நகர முடியாதவர் தோற்றார். டிரா என்ற பேச்சே இல்லை.

வீட்டில் விளையாட சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, எட்டு கேரம் காயை வைத்து, அம்புக்குப் புளியங்கொட்டை வைத்துக்கொண்டால் போதும். 92 கொட்டை இருந்தால் எந்த ஆட்டத்துக்கும் தட்டுப்பாடு வராது. நூறு கட்டத்தில் எட்டில் காய் நிற்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரு கட்டம் அடைபடுகிறது, ஆகவே 92 முறைக்கு மேல் எந்த ஆட்டமும் போகாது.

இந்தச் சின்ன விதிகளுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. செஸ்ஸில் வெள்ளைக்கு முதல் நகர்த்தலுக்கு 20 வழி. இங்கே 2176. காய் போகும் இடத்தையும் அம்பு விழும் இடத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் இப்படிப் பெருகுகிறது. ஒன்றை மட்டும் போட்டுக் காட்டுகிறேன், பலகையைப் பாருங்கள். டி1ல் இருக்கும் வெள்ளை நேராக டி7க்கு ஏறுகிறது. அங்கிருந்து வலப்பக்கம் ஜி7க்கு அம்பு விடுகிறது. இப்போது ஏ7ல் உள்ள கருப்பு வலப்பக்கம் இரண்டு கட்டத்துக்கு மேல் போக முடியாது, டி7ல் வெள்ளை நிற்கிறது. ஜே7ல் உள்ளது இடப்பக்கம் இரண்டு கட்டத்துக்கு மேல் போக முடியாது, ஜி7ல் அம்பு. டி10ம் ஜி10ம் நேர்கீழே இறங்கும் வழியும் இரண்டு கட்டத்தில் முட்டுகிறது. அந்த இரண்டுக்கும் உட்பக்கமாக இறங்கும் குறுக்கு வழியும் அதே கதி. ஒரே நகர்த்தலில் எதிராளியின் நான்கு காய்க்கும் ஒரு இடைஞ்சல்.

சும்மா கிடைக்கவில்லை. அம்புக்கு ஆள் அடையாளம் தெரியாது. ஜி1ல் உள்ள நம் காயும் இனி ஜி6 வரைதான் ஏறும். ஜே4 இடப்பக்கமாக ஏறும் குறுக்கு வழியும் இரண்டு கட்டத்தில் முட்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு அம்பையும் இப்படித்தான் எடை போட வேண்டும்: அவன் வழியில் எத்தனை அடைத்தேன், என் வழியில் எத்தனை அடைத்தேன்.

நடு ஆட்டத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், அதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். சுவர்கள் எழும்பி, பலகை துண்டு துண்டாகப் பிரியும். ஒரு நேரம் வந்ததும், வெள்ளைக் காய்கள் சில அறைகளுக்குள்ளும் கருப்புக் காய்கள் வேறு சில அறைகளுக்குள்ளும் தனித்தனியாக அடைபட்டுவிடும். ஒருவர் அறைக்குள் இன்னொருவர் நுழைய முடியாது. இனிமேல் நடப்பது கையிருப்புச் செலவு. ஆளுக்கு ஒரு நகர்த்தலாகச் செலவழித்துக்கொண்டே வருவோம், யாருக்கு முதலில் தீர்கிறதோ அவர் அவுட். இருவருக்கும் சமமாக இருந்தால், யார் முறையோ அவருக்குத்தான் முதலில் தீரும்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் காலிக் கட்டங்களை எண்ணுகிறோம். அறைக்குள் நாம் மட்டும் என்றால் ஒரு நகர்த்தலுக்கு ஒரு கட்டம்தானே அடைபடுகிறது, ஐந்து கட்டம் என்றால் ஐந்து நகர்த்தல் என்று கணக்குப் போடுகிறோம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஒரு நீண்ட சந்தின் கோடியில் காய் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு கட்டம் முன்னால் வைத்து, விட்டு வந்த கட்டத்திலேயே அம்பை விடலாம். வீட்டை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவது மாதிரி. இப்படியே போனால் ஒரு கட்டம்கூட வீணாகாது.

காய் சந்தின் நடுவில் நின்றாலும் பயமில்லை. இடப்பக்கம் ஒரு காலி, வலப்பக்கம் ஒரு காலி, நடுவில் காய். இடப்பக்கம் போங்கள். அங்கிருந்து வலப்பக்கம் அம்பு விடுங்கள். நீங்கள் காலி செய்த நடுக்கட்டத்தைத் தாண்டி அம்பு வலக்கோடியில் போய் விழும். அடுத்த முறை நடுவுக்குத் திரும்பி, இடப்பக்கத்தை அடையுங்கள். இரண்டு கட்டம், இரண்டு நகர்த்தல்.

இப்போது என் அறை. காய் நிற்கிறது. அதற்குக் கீழே இடமூலையில் ஒரு காலி, வலமூலையில் ஒரு காலி. நேர்கீழே, அந்த இரண்டு காலிக்கும் நடுவில், ஒரு அம்பு. சுற்றிலும் மற்ற எல்லாம் அம்பு. கவிழ்த்து வைத்த வி எழுத்து போல. இதிலும் இரண்டு காலிக் கட்டம்தான். இடமூலைக்கு இறங்குகிறேன். அம்பு எங்கே விடுவது? வலமூலை அதே வரிசையில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் அம்பு. வந்த வழி மட்டும்தான் திறந்திருக்கிறது, அதாவது காய் முன்பு நின்ற உச்சிக் கட்டம். வேறு வழியில்லாமல் அங்கே விடுகிறேன். முடிந்தது, என் காய்க்கு நானே சமாதி கட்டிவிட்டேன். வலமூலை அங்கேயே காலியாகக் கிடக்கிறது, அதைத் தொட எனக்கு வழியில்லை. வலப்பக்கம் இறங்கியிருந்தாலும் இதே கதைதான்.

அன்றைக்கு எதிராளி கருப்பு, அவர் முறை. அவருக்கு நேர்ச்சந்தில் இரண்டு, எனக்கு இந்த வி அறையில் இரண்டு. சமம், அவர் முறை, ஆகவே அவர் அவுட் என்று கணக்குப் போட்டுத்தான் தேநீரை எடுத்தேன். அவர் ஒன்று ஆடினார், நான் ஒன்று ஆடினேன், அவர் இன்னொன்று ஆடினார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலிக் கட்டம் கண்ணெதிரே இருக்கிறது, ஆட வழியில்லை. நல்லவேளை, அவர் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்ட அறையை நான் ஓட்டை அறை என்கிறேன். அடையாளம் கண்டுபிடிக்க நானாக வைத்துக்கொண்ட சோதனை ஒன்று: காய் போகக்கூடிய ஒவ்வொரு கட்டத்திலும் மனசுக்குள் போய் நின்று, வந்த வழி தவிர வேறு எங்காவது அம்பு விட முடிகிறதா என்று பார்ப்பது. குறுக்கில் மட்டும் ஒட்டியிருக்கிற கட்டங்கள்தான் பெரும்பாலும் மாட்டிவிடும். சின்ன அறைக்கு இது போதும். பெரிய அறைக்கு? 2000ல் மைக்கேல் பூரோ என்ற ஆராய்ச்சியாளர், தனி அறைக்குள் அதிகபட்சம் எத்தனை நகர்த்தல் என்று எண்ணுவதே பொதுவாக எவ்வளவு கடினமான கணக்கு என்று நிரூபித்தார். கட்டமும் சந்துமாக இருக்கிற வரைபடத்தில் ஒரு புள்ளியையும் இரண்டாம் முறை மிதிக்காமல் எல்லாவற்றையும் சுற்றி வருகிற புதிர் இருக்கிறதல்லவா, அதை இந்த அறைகளுக்குள் ஒளித்து வைக்க முடியும் என்று காட்டினார். அந்தப் புதிருக்கு இன்றுவரை யாரிடமும் வேகமான பொதுவழி கிடையாது. எதிராளியே இல்லாத அறைக்கு இந்தப் பாடு!

அடைபடாத சந்து ஒன்று மிச்சமிருந்தால் கணக்கு வேறு மாதிரி. ஆறு கட்டச் சந்து. இடக்கோடியில் வெள்ளை, வலக்கோடியில் கருப்பு, நடுவில் நான்கு காலி. வெள்ளை முறை. பயந்தவர் ஒரு கட்டம் முன்னால் வைத்து, எதிரே சுவர் எழுப்புவார். அவருக்குப் பின்னால் விட்டு வந்த ஒரு கட்டம் மிச்சம், கருப்புக்கு இரண்டு. துணிந்தவர் நான்காம் கட்டத்துக்கே போய், ஐந்தில் அம்பு விடுவார். கருப்பு தன் கோடியிலேயே மூடப்பட்டது. வெள்ளைக்குப் பின்னால், புறப்பட்ட கட்டத்தையும் சேர்த்து, மூன்று. கருப்பு முந்தியிருந்தால் அந்த மூன்றும் கருப்புக்கு.

என் பழைய ஆட்டத்தோடு இந்தச் சந்தையும் சேர்த்து, வெள்ளை முறை என்று வைத்துப் பாருங்கள். வெள்ளைக்கு வி அறை, உண்மையான கையிருப்பு ஒன்று. கருப்புக்கு நேர்ச்சந்து, இரண்டு. வெள்ளை முதலில் சொந்த அறைக்குள் ஆடினால் கையில் இருந்த ஒன்றும் போச்சு. கருப்பு வந்து சந்தை மூடும், வெள்ளை அந்த இடத்திலேயே அவுட். வெள்ளை முதலில் சந்தைப் பிடித்தால் மூன்றும் ஒன்றும் நான்கு, கருப்புக்கு இரண்டு, முறை கருப்புடையது. கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை, அவ்வளவுதான். சொந்த அறையை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை, அதைக் கடைசியில் ஆடிக்கொள்ளலாம்.

பேச்சு முடிந்து ஒரு பள்ளி மாணவி கரும்பலகை பக்கம் வந்தார். வி அறையின் உச்சிக்கு நேர்மேலே இன்னொரு கட்டத்தை அழித்துக் காலியாக்கினார். “இப்ப மூணு காலி சார், எத்தனை நகர்த்தல்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே விரலை மேல் கட்டத்தில் வைத்துப் பார்த்தார், அப்புறம் இடமூலையில், அப்புறம் வலமூலையில். எங்கே போய் நின்றாலும் அம்புக்கு வந்த வழி மட்டும்தான். “ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு, அடுத்து நான்கு காலிக்கு ஒன்று வருகிற மாதிரி வரைய முடியுமா என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டார்.