சிகிச்சைக்கு நன்கொடை திரட்டுகிறீர்களா? யாருடைய வங்கிக் கணக்கில்?

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் கைபேசிக்கும் இப்படி ஒரு செய்தி வந்திருக்கும். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவருடைய படம், கீழே மதிப்பீட்டுத் தொகை, அதற்கும் கீழே ஒரு வங்கிக் கணக்கு எண் அல்லது ஜிபே எண். பணம் அனுப்பியும் இருப்பீர்கள். நான் இன்று பேசப்போவது அந்தக் கணக்கு எண்ணைப் பற்றித்தான். ஆடிட்டர் என்ற முறையில் நான் சொல்வது ஒன்றே ஒன்று. கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வரி மாறும், அதுவும் லட்சக்கணக்கில் மாறும்.

முதலில் சட்டம். ஒருவர் நமக்கு இனாமாகக் கொடுக்கும் பணத்துக்கு நாம் வருமான வரி கட்ட வேண்டுமா? சொந்தக்காரர் கொடுத்தால் வேண்டாம். மற்றவர்கள் கொடுத்தது ஒரு நிதியாண்டில் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால் வேண்டும். தாண்டிய பகுதிக்கு மட்டும் இல்லை, முழுத் தொகைக்கும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 56(2)(x) என்ற பிரிவு, 2025இல் வந்த புதிய சட்டத்திலும் இதே விதி தொடர்கிறது. கல்யாணத்துக்கு வரும் மொய்ப்பணத்துக்கு விலக்கு உண்டு. உயில் மூலம் வருவதற்கும் உண்டு. ஆபரேஷனுக்கு ஊரார் கொடுத்த பணத்துக்குத் தனி விலக்கு கிடையாது. 50,000 என்ற வரம்பும் 2006இலிருந்து அப்படியே நிற்கிறது, இன்றைக்கு அந்தப் பணம் ஐசியுவில் எத்தனை நாளுக்குக் காணும் என்று உங்களுக்கே தெரியும்.

கொரோனாவுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில், 2019-20 முதலே செல்லும்படி, கொரோனா சிகிச்சைக்கு யார் உதவியிருந்தாலும் உண்மையில் செலவான தொகைக்கு வரி இல்லை என்று எழுதினார்கள். நல்ல காரியம். அதையே புற்றுநோய்க்கும் கல்லீரல் மாற்றுக்கும் எழுதலாம், பில்லைக் காட்டினால் விலக்கு என்று. எனக்கு இது நீண்ட நாள் ஆதங்கம்.

சரி, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம், பேப்பர் பேனா எல்லாம் வேண்டாம், காதால் கேட்டாலே போதும். என்னிடம் வந்த ஒரு தம்பி, தனியார் கம்பெனியில் வேலை, ஆண்டுச் சம்பளம் 7 லட்சம். அம்மாவுக்குப் பெரிய ஆபரேஷன். நண்பர்கள் சேர்ந்து செய்தி போட்டார்கள், கணக்கு எண் தம்பியுடையது, ஏனென்றால் ஓடியாடி எல்லாம் செய்தது அவர்தான். 12 லட்சம் வந்தது. அதில் ஒன்றரை லட்சம் அக்காவும் மாமாவும் சித்தியும் கொடுத்தது, அதற்கு வரி இல்லை. மீதி பத்தரை லட்சம் நண்பர்கள், அக்கம்பக்கம், முகம் தெரியாதவர்கள்.

2025-26க்கான புதிய வரிமுறைப்படி, அவருடைய சம்பளத்தில் 75,000 நிலைக்கழிவு போனால் ஆறே கால் லட்சம். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். அதோடு பத்தரை லட்சத்தைச் சேர்த்தால் பதினாறே முக்கால் லட்சம். இப்போது தள்ளுபடி போய்விட்டது. வரி 1,35,000, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 1,40,400 ரூபாய். பணமெல்லாம் ஏற்கெனவே மருத்துவமனைக்குப் போயாயிற்று, கையில் எதுவும் இல்லை. செலவைக் கழித்துக்கொள்ளலாமே என்றால் புதிய முறையில் அதற்கு இடமில்லை.

இதே செய்தியில், இதே நண்பர்கள், அம்மாவின் கணக்கு எண்ணைப் போட்டிருந்தால்? அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை. அவருடைய வருமானம் பத்தரை லட்சம்தான், 12 லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறது, வரி பூஜ்யம். ரிட்டர்ன் மட்டும் அவர் பெயரில் தாக்கல் செய்ய வேண்டும், வழக்கமாக ஜூலை 31க்குள். மறுபடி சொல்கிறேன், ஒரே பணம், ஒரே நோயாளி, கணக்கு எண் மட்டும் வேறு.

அம்மாவுக்காகத்தானே வாங்கினேன், என் வருமானம் எப்படி ஆகும் என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அம்மா சார்பில் வாங்கிச் செலவழித்தேன் என்று வாதாடலாம், அந்த வாதத்தில் பலமும் உண்டு. ஆனால் சட்டத்தில் அப்படி எழுதி வைத்த விலக்கு இல்லாததால் நோட்டீஸ் வந்த பிறகு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு முதல் ஆதாரம் அந்த வேண்டுகோள் செய்தியேதான். அதை அழித்துவிடாதீர்கள்.

நோயாளி குழந்தையாக இருந்தால் குழந்தை பெயரில் கணக்கு தொடங்குவது இதே அளவுக்கு உதவாது. மைனரின் இந்த வருமானத்தை அப்பா அம்மாவில் யாருக்கு அதிக வருமானமோ அவருடன் சேர்த்துவிடுவார்கள். சட்டம் குறிப்பிடும் மாற்றுத்திறன் குழந்தைக்கு இருந்தால் மட்டும் சேர்க்க மாட்டார்கள்.

அப்புறம், சொந்தக்காரர் என்றேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், பலர் தடுமாறுவது இங்கேதான். நம் ஊரில் எல்லாருமே சொந்தம். சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பணம் வாங்குபவர் பக்கம் நின்று பார்க்க வேண்டும். அவருடைய கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவியின் உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், பிறகு நேர் வாரிசில் மேலே அப்பா அம்மா தாத்தா பாட்டி, கீழே பிள்ளை பேரன் பேத்தி, கணவன் அல்லது மனைவியின் பக்கத்திலும் இதே நேர் வாரிசு, இவர்களுடைய துணைகளும் உண்டு. சித்தப்பா எனக்குக் கொடுத்தால் வரி இல்லை, ஏனென்றால் அவர் என் அப்பாவின் தம்பி. அதே சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து நான் 2 லட்சம் கொடுத்தால்? அண்ணன் மகன் பட்டியலில் இல்லை! அந்த 2 லட்சம் சித்தப்பாவின் வருமானம். அத்தை மகன், மாமன் மகள் எல்லாம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பட்டியலில் வரமாட்டார்கள். அந்தத் தம்பியின் பெரியம்மா மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு லட்சம் அனுப்பியிருந்தார், அண்ணன்தானே என்று சொந்தக்காரர் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். அதை வெளியே எடுத்த பிறகுதான் நான் சொன்ன பத்தரை லட்சம் வந்தது. பெரிய தொகை தரும் இப்படிப்பட்டவர்களிடம் மருத்துவமனை பில்லிங் கவுன்டரில் உள்நோயாளி எண்ணைச் சொல்லி நேராகக் கட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கவே இல்லாத பணம் என்று சொல்ல அப்போது இடம் இருக்கும்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. அறக்கட்டளை வழியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். தேவைப்படும் தொகை 12 லட்சத்துக்கு மேல் என்றால் அம்மா கணக்கும் போதாது. அப்போது வருமான வரித்துறையில் 12ஏபி பிரிவில் பதிவு பெற்ற அறக்கட்டளை மூலம் திரட்டுவதே நல்லது, அங்கிருந்து வரும் உதவிக்கு வரி கிடையாது. நோயாளி அந்த அறக்கட்டளையை நடத்துபவராகவோ அவர்களின் உறவினராகவோ இருந்தால் இந்த விலக்கு கிடைக்காது. பதிவுச் சான்றிதழை முதலிலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள், செய்தி அனுப்புவதற்கு முன்பே. நன்றி, வணக்கம்.